ஒரு படம், இரண்டு குறிப்பு

ஷா ஆலமில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் தோழி ஒருவர் ஒரே படத்துக்கு இரண்டு படக்குறிப்பு எழுதியிருந்தார். ஒன்று பெற்றோரின் புலனக் குழுவுக்கு, மற்றொன்று இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு. படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மாணவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு கடிகாரம். குறிப்புகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின.

பெற்றோருக்கு எழுதியது இது: "எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்குத் தனித் தாள் உண்டு. உங்கள் பிள்ளை இன்னொரு மாணவரோடு உட்கார்ந்து, கொடுத்த தலைப்பைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். அதைத்தான் வாரந்தோறும் இங்கே பழகுகிறார்கள். சனிக்கிழமை மாலை 3 மணிக்கு வந்து ஒரு வகுப்பை நீங்களே பாருங்கள்."

'தனித் தாள் உண்டு' என்ற தொடக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். முதல் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்கள். தாங்கள் எழுதிய பழைய தேர்வை மனத்தில் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு, பிள்ளைகள் இருவர் இருவராகப் போய்ப் பேச வேண்டும் என்பதே செய்தி. 'மகன்', 'மகள்' என்று பிரிக்காமல் 'பிள்ளை' என்றதும் நன்று. 'பயிற்சி அளிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தால் சுற்றறிக்கை வாடை வந்திருக்கும். 'பழகுகிறார்கள்' என்றதும் படத்தில் இருக்கும் இருவரும் அசைகிறார்கள். ஏ கிடைக்கும், மூன்றே மாதத்தில் சரளம் என்ற வாக்குறுதி எங்கும் இல்லை. அந்த இடத்தில் 'நீங்களே பாருங்கள்' நிற்கிறது. மாதாமாதம் வெள்ளியை எண்ணிக் கொடுப்பவருக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது பிள்ளைகளுக்கு. தேசியப் பள்ளியில் படித்த பலருக்குத் தமிழ் பேச வரும், தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் ரோமன் எழுத்தில் தட்டியிருந்தார். நான் தமிழ் எழுத்தில் தருகிறேன்: "மண்டையில சென்டன்ஸ் ரெடி, வாயில வரல. உனக்கும் அப்படியா? சனிக்கிழமை 3 மணிக்கு வா. தப்பா பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டாங்க லா."

தேர்வு என்ற சொல்லே இல்லை. பதினாறு வயதுக்குப் பயம் மதிப்பெண் அல்ல, பின் வரிசையிலிருந்து வரும் சிரிப்பு. முழுக் குறிப்பையும் காட்டாமல் முதல் ஓரிரு வரியோடு இன்ஸ்டாகிராம் மடித்துவிடும் என்பதால், கொக்கியை முதல் வரியிலேயே மாட்டிவிட்டார். 'லா' ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில். இரண்டாவது 'லா' வந்திருந்தால், இளைஞர் போல நடிக்கும் மாமா ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்த மாமா முதல் வரைவில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'செம கெத்தா இங்கிலீஷ் பேசலாம் வாங்க மக்களே' என்று சென்னைத் திரைப்படத்திலிருந்து இறக்குமதி செய்திருந்தார். வகுப்பிலேயே ஒரு பையன் அதை அறிவிப்பாளர் குரலில் படித்துக்காட்ட, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றே அழித்துவிட்டார். சொல் எந்த ஊர்ச் சொல் என்பது பிள்ளைகளின் காதுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

எனக்கு ஒரு குறை தென்பட்டது. 'யாரும் சிரிக்க மாட்டாங்க' என்பதை ஆசிரியர் எப்படி உறுதி சொல்ல முடியும்? என்னை முந்திக்கொண்டு ஓர் அம்மாவே வேறொன்று கேட்டுவிட்டார். மகளின் போனில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், தப்பாப் பேசினா திருத்தமாட்டீங்களா?" என்றார். பிள்ளைக்கு ஆறுதலாக எழுதியது அம்மாவின் கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது.

தோழி அன்றிரவே கடைசி வரியை மாற்றினார்: "இங்க எல்லாரும் தப்பா பேசித்தான் ஆரம்பிச்சோம் லா, திருத்திக்கலாம்." என்ன அழகான மாற்றம்! 'மாட்டாங்க' என்று யாரையோ சுட்டிய வரி, 'ஆரம்பிச்சோம்' என்று ஆசிரியரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வாக்குறுதி போய் நடந்த கதை வந்தது. 'திருத்திக்கலாம்' என்ற ஒரு சொல்லில் அம்மாவுக்கும் பதில் கிடைத்துவிட்டது, பிள்ளைக்கும் உறுத்தவில்லை. முதலில் எழுதியதைவிட இதுவே மேல்.

ஒரே வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்து பெற்றோரும் பிள்ளையும் இரண்டையும் படிக்கத்தான் செய்வார்கள். அதனால் 'உங்கள் பிள்ளை' 'உனக்கு' ஆனாலும், 'பாருங்கள்' 'வா' ஆனாலும், 'மாலை' கூட உதிர்ந்தாலும், சனிக்கிழமையையும் 3 மணியையும் மட்டும் அவர் தொடவில்லை.