தேரும் வினாவும்: மிலிந்தன் உரையாடலில் விடுபட்ட ஒரு படி

ஒருவரது கூற்றை மறுத்தல் வேறு. அக்கூற்று எந்த எடுகோளின்மேல் நிற்கின்றது என்பதை அவர் வாயாலேயே வெளிக்கொணர்தல் வேறு. பின்னதற்கு எடுத்துக்காட்டாகப் பௌத்த இலக்கியத்தில் அடிக்கடி சுட்டப்படுவது பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹ ஆகும். கண்டி இராச்சியத்துக்கு இந்நூல் அந்நியமானதன்று. கீர்த்தி சிறீ இராசசிங்கன் ஆட்சிக் காலத்தில் (1747–1782) ஹீனடிகும்புறே சுமங்கல தேரர் இதனைச் சிங்களத்தில் ஆக்கினார். இந்நூலின் புகழ்பெற்ற தேர் உரையாடல் வினாவும் முறையின் ஆற்றலை மட்டுமன்றி, அதன் குறைபாட்டையும் காட்டுகின்றது.

நாகசேனர் என்பது வெறும் பெயரே, அப்பெயர்க்குரிய ஆள் எவரும் இல்லை என்று தேரர் கூறுகின்றார். மிலிந்த மன்னன் வினாவத் தொடங்குகின்றான். மயிர் நாகசேனரா? நகமா? உருவமா? உணர்வா? இவையனைத்தும் சேர்ந்தா? இவற்றுக்குப் புறம்பானதா? ஒவ்வொன்றுக்கும் ‘அன்று’ என்பதே விடை. ஆயின் நாகசேனர் என எவருமிலர், தேரர் கூறியது பொய் என்கின்றான் மன்னன்.

மன்னனது வாதத்துள் சொல்லப்படாத எடுகோள் ஒன்று மறைந்துள்ளது. பெயருக்குரிய பொருள் உறுப்புகளுள் ஒன்றாகவோ, உறுப்புகளின் தொகையாகவோ, அவற்றுக்கு வெளியே உள்ளதாகவோ இருத்தல் வேண்டும் என்பதே அது. நாகசேனர் இதனை நேரே தாக்கவில்லை. மன்னன் எதில் வந்தான் என்று கேட்கின்றார். தேரில் என விடை வருகின்றது. ஏர்க்கால் தேரா? அச்சா? சக்கரமா? நுகமா? அனைத்தும் சேர்ந்தா? புறம்பானதா? மன்னனும் ‘அன்று’ என்றே கூறிச் செல்கின்றான். அங்ஙனமாயின் தேர் இல்லை, மன்னன் கூறியதும் பொய் என்கின்றார் தேரர். சூழ இருந்த 500 யோனகரும் ஆரவாரிக்கின்றனர். உறுப்புகளைச் சார்ந்தே தேர் என்னும் பெயர் வழங்குகின்றது என மன்னன் ஒப்புக்கொள்ள, தம் பெயரும் அவ்வாறே என்று தேரர் முடிக்கின்றார்.

மன்னனது அளவுகோலை மன்னனே ஏற்கவியலாத முடிவுக்கு இட்டுச்சென்ற வகையில் தேரர் வென்றார். ஆயினும் எந்தப் படியில் எடுகோள் முறிந்தது என்பது வெளிப்படவில்லை. ‘அனைத்தும் சேர்ந்து தேரா?’ என்ற வினாவே இங்கு நுணுகி நோக்கற்பாலது. மன்னன் ‘அன்று’ என்றான், ‘ஏன் அன்று?’ என்று எவரும் கேட்கவில்லை. மணிமேகலையின் அளவைப் பகுதி வழங்கும் சொற்களிற் கூறின், பக்கம் கேட்கப்பட்டது, ஏது கேட்கப்படவில்லை.

கேட்டிருப்பின் உரையாடல் எவ்வாறு சென்றிருக்கும்? குவியலாகக் கிடக்கும் மரமும் இரும்பும் ஓடமாட்டா என மன்னன் காரணம் கூறியிருக்கலாம். ஓடத்தக்கவாறு பொருத்தப்பட்டனவாயின் என்ன என்பது அடுத்த வினா. அப்பொழுது தேர் என ஒப்பவேண்டியிருக்கும். ‘சேர்ந்து’ என்ற சொல் குவியலையும் அமைப்பையும் ஒருங்கே குறித்து நின்றமை அவ்விடத்தே தெரியவந்திருக்கும். மன்னனது பட்டியல் முழுமையற்றது என்பதும் புலனாகியிருக்கும். ஆனால் அதே விடை தேரரையும் விட்டுவைக்காது. பொருத்தப்பட்ட உறுப்புகளே தேராயின், தேர் வெறும் பெயரா என்ற வினா எழும். அமைப்பு என்பது உறுப்புகளின் வேறான பொருளன்று எனப் பௌத்தர் விடையிறுக்கலாம். அதற்கும் ஏது கேட்கப்படல் வேண்டும்.

பேராதனையில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய கே. என். ஜயதிலக்க, ஆதி பௌத்த அறிவுக் கொள்கை பற்றி 1963இல் வெளியிட்ட ஆங்கில நூலில் வினாக்களின் நால்வகைப் பாகுபாட்டை ஆராய்ந்துள்ளார். நேரே விடை கூறத்தக்கன, பகுத்து விடை கூறத்தக்கன, எதிர்வினாவால் விடுக்கத்தக்கன, விடையின்றி ஒதுக்கத்தக்கன என்பன அவை. தேரர் எதிர்வினாவைத் திறம்படக் கையாண்டார். பகுத்து விடை கூறவேண்டிய வினாவுக்கு மன்னன் நேர்விடை கூறினான், அங்கேயே வழுவினான். ஆம், அன்று என்ற இரண்டே விடைகளுக்கு இடந்தரும் வினாவரிசை இத்தகைய வழுவை மறைத்துவிடும். ‘அன்று’ என்ற விடைகள் காரணமின்றி விரைந்து வருதலே அதன் அடையாளம். அவையோரின் ஆரவாரம் அதனை மேலும் மறைக்கும்.

இக்குறையை நீக்குதற்கான நிபந்தனையையும் அந்நூலே தருகின்றது. தேர் உரையாடலின் பின் மன்னன் மேலும் உரையாட விரும்புகின்றான். அறிஞர் முறையிலாயின் உடன்படுவேன், அரசர் முறையிலாயின் உடன்படேன் என்கின்றார் நாகசேனர். அறிஞர் வாதத்தில் சிக்கலும் விடுவித்தலும் உண்டு, பிழை சுட்டப்படும், ஒப்பவும்படும், எவரும் சினவார். அரசரோ மறுப்பவனைத் தண்டிப்பர். ‘ஏன்?’ எனக் கேட்கப்பட்டவன் முன் கூறிய ‘அன்று’ என்பதை அஞ்சாது திரும்பப் பெறக்கூடிய அவையிலேயே படிப்படியான வினா எடுகோளைத் தொடும். பொய்யன் என்ற பழி காத்திருக்கும் அவையில் விடை கூறுவோன் தன் சொல்லைக் காப்பானேயன்றி அதன் காரணத்தைத் தேடான். தேர் உரையாடலில் இருவருமே மற்றவரைப் பொய்யர் என்றனர், ‘ஏன்?’ என்ற வினா அங்கு எழாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.