சிவப்பு எந்த முனையில்?

ஒரு தெருப் புகைப்படம் எந்த நாட்டில் எடுத்தது என்று சொல்லச் சொன்னால், கண் முதலில் கடைப் பலகைக்குத்தான் போகும். எழுத்து தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. ரசிக்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்குப் பிடித்தது வேறு வகைப் படம். பலகைகள் எல்லாம் மங்கிப் போயிருக்க வேண்டும். மழையில் நனைந்த சாலை, அதற்கு மேலே படுக்கைவாட்டில் ஒரு சிக்னல், இவ்வளவுதான் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மூன்று விளக்குகளை மேலிருந்து கீழாக அடுக்குவதுதான் உலகின் பெரும்பகுதியில் வழக்கம். பக்கம் பக்கமாக வைத்திருந்தால் ஜப்பான், தென்கொரியா, தைவான் மூன்றும் உடனே நினைவுக்கு வரும். அடுத்துப் பார்க்க வேண்டியது, சிவப்பு எந்த முனையில் இருக்கிறது என்பதை. வலது முனையில் என்றால் ஜப்பான். இடது முனையில் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை அழகானது. சிக்னல் கம்பம் சாலையோரத்தில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு கை சாலைக்கு மேலே நீள்கிறது. ஓரப் பக்க விளக்கை ஒரு மரக்கிளையோ உயரமான லாரியோ மறைத்துவிடலாம். சாலையின் நடுப்பக்கம் இருக்கும் விளக்கு அவ்வளவு எளிதில் மறையாது. எது மறைந்தாலும் சிவப்பு மறையக் கூடாது, ஆகவே அது நடுப்பக்கம். ஜப்பானில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நடுப்பக்கம் என்பது வலது முனை. வலப்பக்கம் ஓடும் கொரியாவிலும் தைவானிலும் இடது முனை. ஒரு வண்டிகூட இல்லாத படத்திலும் அந்தச் சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுவார்கள் என்பதை எரியும் சிவப்பே சொல்லிவிடும். ஆனால் படத்தை யாரோ இடவலம் திருப்பிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். அதனால் வண்டி ஏதாவது இருந்தால், அதன் எண் பலகையில் அரைகுறையாகத் தெரியும் ஓர் எண்ணாவது நேராக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கொரியாவையும் தைவானையும் பிரிப்பதில்தான் சுவை அதிகம். கொரியாவில் நான்கு விளக்குச் சிக்னல் மிகச் சாதாரணம்: சிவப்பு, மஞ்சள், இடப்புறம் திரும்பப் பச்சை அம்பு, பிறகு முழுப் பச்சை, எல்லாம் ஒரே வரிசையில். (ஜப்பானில் அம்புகள் இந்த வரிசைக்குள் வராது, கீழே தனிப் பெட்டியில் தொங்கும்.) தைவானிலும் அம்புகள் வரிசைக்குள் வருவதுண்டு, எனவே அம்பை மட்டும் நம்பக் கூடாது. பார்வையைத் தரைக்கு இறக்க வேண்டும். நிறுத்தக் கோட்டை ஒட்டி, வெள்ளைக் கோடிட்ட கட்டத்துக்குள் மோட்டார் சைக்கிள் உருவம் வரைந்திருந்தால் அது தைவான். ஸ்கூட்டர்கள் கார்களுக்கு முன்னால் வந்து நிற்பதற்கான இடம் அது. பாதசாரி விளக்கும் அதையே சொல்லும். மேலே நொடிகள் குறையும், கீழே புள்ளி விளக்குகளால் ஆன பச்சை மனிதர் நடப்பார். நேரம் முடியப் போகும்போது ஓடத் தொடங்குவார். 1999இல் தைபேயில் முதலில் வந்த உருவம் இது. அசையாத படத்தில்கூட அந்தப் புள்ளிகளும் மேலே இருக்கும் எண்ணும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஜப்பானியப் பாதசாரிக்குத் தலையில் தொப்பி உண்டு. பழைய பல்பு விளக்கில் நிறம் பின்னணிக்கு, உருவம் வெள்ளை; எல்.இ.டி. வந்த பிறகு பின்னணி கறுப்பு, உருவமே ஒளிர்கிறது. படத்தின் வயதை ஊகிக்க இது உதவும். தரைக் கோடுகளும் அப்படித்தான். அங்கே கடக்கும் பட்டைகளின் இரு முனைகளையும் இணைத்து முன்பு பக்கக் கோடுகள் போட்டார்கள், பார்த்தால் படுக்க வைத்த ஏணி. 1992இல் விதி மாறி, வெறும் பட்டைகள் போதும் என்றானது. ஆகவே ஏணி வடிவம் தெரிந்தால் பெரும்பாலும் பழைய படம்.

இவ்வளவு பார்த்தும் ஏமாற இடமுண்டு. ஹொக்கைடோ போன்ற பனி மிகுந்த பகுதிகளில் ஜப்பானியச் சிக்னலே செங்குத்தாக நிற்கும். படுக்கை விளக்கின் நீண்ட மேற்பரப்பில் பனி குவிந்து பாரமாகிவிடும் என்பதே காரணம். அங்கே சாலையோரத்துக்கு மேலே கீழ்நோக்கித் தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புகளைத் தேட வேண்டும். பனி மூடிய சாலையின் விளிம்பை ஓட்டுநருக்குக் காட்டுபவை அவை. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் டெக்சஸிலும் படுக்கைச் சிக்னல் ஏராளம், அங்கும் சிவப்பு இடது முனையில்தான். கனடாவின் கியூபெக்கிலும் படுக்கைச் சிக்னல் உண்டு, ஆனால் அங்கே குழப்பமே வராது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகச் சிவப்பைச் சதுரமாகவும், மஞ்சளை வைர வடிவிலும், பச்சையை வட்டமாகவும் செய்திருக்கிறார்கள். இரு முனையிலும் ஒவ்வொரு சிவப்புச் சதுரம் இருப்பதையும் அடிக்கடி காணலாம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் அந்தச் சதுரம் ஊரைச் சொல்லிவிடும்.