மூன்றாம் நாள் என்றால் எந்தத் தேதி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவரை கள்ளிக்குப்பத்தில் தெருநாய் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. செவிலியர் கைபேசியில் “மூன்றாம் நாள் வாங்க” என்று தட்டி ஒடியாவில் காட்டுகிறார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஜூலை 1ஆம் தேதி முதல் ஊசி போட்டவர் அன்றையும் ஒரு நாளாக எண்ணி 3ஆம் தேதியே வந்து நிற்பார். வர வேண்டியது 4ஆம் தேதி.

ஒடியாவை மறுபடி தமிழுக்கு மாற்றிச் சரிபார்த்தால் “மூன்றாம் நாள்” என்றே அழகாகத் திரும்பி வரும். பலரும் நம்பும் இந்தச் சோதனை மொழி மாறும்போது நேரும் பிழையைப் பெரும்பாலும் பிடிக்கும், மூலத்திலேயே இருக்கும் குழப்பத்தைப் பிடிக்காது. இங்கே திருத்த வேண்டியது தமிழைத்தான்: “அடுத்த ஊசிகள்: ஜூலை 4, 8, 29. காலையில் வரவும். இந்தச் சீட்டைக் கொண்டுவரவும்.” வாக்கியத்துக்கு ஒரு செய்தி, எண்ணிக்கைக்குப் பதில் தேதி. இப்படி எழுதிவிட்டால் இயந்திரமே போதும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஒலியாகக் கேட்க வைக்கலாம். பிறகு “எப்போ வருவீங்க?” என்று கேட்டு, அவரையே நாட்காட்டியில் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

எல்லாச் செய்தியும் இப்படி எளிதாகிவிடாது. 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பத்து மருத்துவத் தொடர்களை 26 மொழிகளில் கூகுளில் போட்டுப் பார்த்தது. சரியாக வந்தவை 57.7 விழுக்காடு. குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது என்ற தொடர் சுவாஹிலியில் குழந்தை இறந்துவிட்டது என்றானது. கருவி அதன்பின் வெகுவாகத் தேறியது. ஆனால் மொழிக்கு மொழி இடைவெளி மறையவில்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்புகளில் ஸ்பானிய மொழியில் 94 விழுக்காடும் ஆர்மீனியத்தில் 55 விழுக்காடும் பொருள் மாறாமல் வந்தன. இணையத்தில் எழுத்து குறைந்த மொழிக்குப் போகப் போக எச்சரிக்கை கூட வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல், கணக்கு முடித்துக் கையெழுத்து வாங்கும் தாள், எதிர்க்கேள்வி வரக்கூடிய எந்தப் பேச்சும் இரு மொழியும் அறிந்த ஆளிடமே போக வேண்டும். பிழை நேர்ந்தால் பிறகு திருத்த முடியாதவை இவை.

யாரை அழைப்பது என்பதில்தான் சிக்கல். தொழிற்பேட்டையில் சட்டென்று கிடைப்பவர் ஆள் கூட்டிவந்த காண்ட்ராக்டர். இயந்திரத்தில் சிக்கி விரல் போன விபத்தில், அது எங்கே, எந்த ஷிப்டில் நடந்தது என்று மருத்துவர் கேட்கும்போது, அந்தப் பதிலால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் நடுவில் நிற்கிறார். பள்ளியில் தமிழ் கற்ற மகளை நிறுத்தினால் அப்பாவின் நோயை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். அதே ஊரிலிருந்து முன்னமே வந்து தமிழ் பழகிய, வேறு கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் இவர்களைவிடப் பொருத்தமானவர். நேரில் வர முடியாவிட்டால் ஸ்பீக்கர் போனில் பேசலாம். அவரும் சுருக்கிச் சொல்லாமல், இருவர் சொல்வதையும் ஒவ்வொரு வாக்கியமாக மாற்றித் தர வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.