இந்தி முன்னிலையும் காதலும்

இந்தியில் ஒருவரை ‘வா’ என்றழைக்க மூன்று வடிவங்கள் உள. ‘தூ’ என்னும் முன்னிலைக்கு ‘ஆ’, ‘தும்’ என்பதற்கு ‘ஆஓ’, ‘ஆப்’ என்பதற்கு ‘ஆயியே’. முன்னிலைப் பெயரைச் சொல்லாது விட்டாலும் வினைமுற்று அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே காதலிக்கத் தொடங்கும் இருவர் தம் உறவின் நெருக்கத்தை ஒவ்வொரு வாக்கியத்திலும் அறிவித்தேயாகவேண்டும். மொழிபெயர்ப்பின் துணையுடன் இந்திப் படம் பார்க்கும் கல்முனைப் பகுதி இரசிகருக்குத் ‘தூ’வும் ‘தும்’மும் ஒரே ‘நீ’யாகிவிடுகின்றன. ‘ஆப்’ என்று பழகிய இளைஞன் முதன்முறை ‘தும்’ என்று கூறும் கணமே காதலின் அறிவிப்பாக அமைவதுண்டு. அக்கணம் பெயர்ப்பில் மறைகின்றது.

‘ஆப்’ தூரத்தையும் ‘தூ’ நெருக்கத்தையும் குறிக்கும் என இலக்கணநூல்கள் கூறுவதோடு நாம் அமைந்துவிட முடியாது. குழந்தையையும் இறைவனையும் அழைக்கும் ‘தூ’வே, பண்ணையார் கூலியாளை விளிக்கும் ‘தூ’வுமாகும். இவற்றை வேறுபடுத்துவது சொல் அன்று. அச்சொல் திரும்பி வருகின்றதா என்பதே. பிரௌன், கில்மன் ஆகியோர் 1960இல் ஐரோப்பிய மொழிகளை ஆராய்ந்து, பரஸ்பரமான வழக்கு தோழமையையும் ஒருதலையான வழக்கு அதிகாரத்தையும் காட்டும் எனக் கூறினர். இந்திக் காதலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். காதலர் இருவரும் ‘தும்’ எனப் பேசிவிட்டு, மணமானபின் அவள் ‘ஆப்’ என்றும் அவன் ‘தும்’ என்றும் பேசுவராயின், மரியாதை கூடியதாகத் தோன்றினும் சமத்துவம் குறைந்துவிட்டது. மறுபுறம், பழைய லக்னோப் பண்பாட்டில் கணவன் மனைவியர் பரஸ்பரம் ‘ஆப்’ எனல் குளிர்ச்சியன்று. ஆனால் ‘தும்’மில் பழகியவர் ஊடலில் திடீரென ‘ஆப்’புக்குத் திரும்பினால் அதுவே கதவடைப்பு.

கமால் அம்ரோஹியின் ‘பாகீஸா’ (1972) இவ்விடத்து நோக்கற்பாலது. புகைவண்டியில் துயிலும் நாயகியின் பாதங்களைக் கண்ட அந்நியன், அவற்றை நிலத்தில் வைக்கவேண்டாம் எனச் சீட்டெழுதி விட்டுச்செல்கின்றான். அதில் அவன் பயன்படுத்துவது ‘ஆப்’. அவள் ஒரு கணிகை. பணம் கொடுத்து அவளை வாங்கும் சமூகத்தில் இம்மரியாதை அவளுக்கு வாய்ப்பதரிது. அச்சீட்டு உனக்குரியதன்று, அப்போது உன் கால்களில் சலங்கை இல்லை எனத் தோழி கூறுவதன் கொடுமை இங்கேதான் உள்ளது. அச்சொல் அவளைச் சேர்ந்தது, அவளது வர்க்கநிலை தெரியாத காரணத்தாலேயே. அங்கே ‘தும்’ என்றிருப்பின் அச்சீட்டு ஒரு வாடிக்கையாளனின் சரசமாகியிருக்கும்.

நமது கரையோர முஸ்லிம்களின் நாட்டார் கவிகளில் காதலர் ‘மச்சான்’, ‘மச்சி’ என்னும் முறைப்பெயர்களால் விளித்துக்கொள்வர். முறைப்பெயர் இருபுறமும் சமமாகச் செல்கின்றது. மணத்தின்பின் பெரும்பாலும் அவள் ‘நீங்க’ என்கிறாள்; அவன் ‘நீ’ என்கிறான். இத்தனைக்கும் அவர்கள் வாழும் வீடு அவளுக்குச் சீதனமாக வந்த வீடு! உடைமை அவளிடமிருப்பினும் முன்னிலை அவளிடம் வரவில்லை.