எடிட்டர் இல்லாத சினிமாக் கதைகள்

தமிழ்ப் புனைகதை சினிமாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் பதினான்கு ஆண்டுகள் போல வேலை பார்த்த அசோகமித்திரன், அந்த அனுபவத்திலிருந்து ‘புலிக்கலைஞன்’ சிறுகதையையும் ‘கரைந்த நிழல்கள்’ (1969) நாவலையும் எடுத்தார். ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ கொட்டகையில் உட்கார்ந்திருப்பவளின் கதை. சுஜாதாவின் ‘கனவுத் தொழிற்சாலை’யில் நடிகன் இருக்கிறான், வாய்ப்புத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பு நிர்வாகி, துணை நடிகர், முதலாளி, ரசிகை என்று எல்லோரும் வந்துபோகிற இந்தக் கதைகளில், படத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருக்கும் எடிட்டர் மட்டும் மையத்துக்கு வரவேயில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதுதான். படப்பிடிப்பில் சண்டை உண்டு, காத்திருப்பு உண்டு, நூறு பேர் உண்டு. எடிட்டிங் அறையில் ஒரு ஆள், ஒரு திரை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடப்பதில்லை. ஆகவே எடிட்டரைப் பற்றிக் கதை எழுத நினைக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒரே சூழ்நிலைதான்: விடிந்தால் ரிலீஸ், ஒரு காட்சி மட்டும் உட்கார மறுக்கிறது, அவன் அதையே வெட்டி வெட்டிப் பார்க்கிறான். நல்ல சூழ்நிலை. ஆனால் அந்த இரவில் அவனால் உண்மையில் எதை மாற்ற முடியும் என்று தெரியாமல் எழுதினால், கதை வெறும் தூக்கமின்மையாக முடிந்துவிடும்.

பிலிம் காலத்தில் அந்த இரவு எடிட்டரிடம் இல்லை. நெகட்டிவ் வெட்டி, பிரிண்ட் போட்டு, பெட்டிகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறமும் குறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிண்டிலும் கத்தரிக்கோல் போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். புரொஜக்டரில் ஒலியைப் படிக்கும் இடமும் படம் தெரியும் இடமும் வேறு என்பதால், 35 மி.மீ. பிரிண்டில் ஒரு படத்துக்குரிய ஒலி சுமார் இருபது பிரேம் முன்னால் தள்ளிப் பதிவாகியிருக்கும். வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் இது ஒரு வினாடியை நெருங்குகிறது. படத்தைப் பார்த்துச் சரியாக வெட்டி ஒட்டினாலும் வசனம் வேறெங்கோ அறுந்து குதிக்கும். தியேட்டர் ஆபரேட்டர் வெட்டிய இடத்தைப் பழைய ரசிகர்கள் காதாலேயே கண்டுபிடித்தது இதனால்தான்.

இன்று பெட்டி இல்லை. படம் டிஜிட்டல் கோப்பாகப் போகிறது. குறிப்பிட்ட தியேட்டரில், குறிப்பிட்ட நேரத்தில் அதைத் திறக்கும் சாவி தனியாகப் போகிறது. இதனால் கடைசி நேர மாற்றம் சாத்தியமாகிவிட்டது. ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ இரண்டும் 2024இல் திரைக்கு வந்தபின் சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டன. ஆனால் ஒரு காட்சியை முழுதாக எடுத்துவிடுவது எளிது, அதற்குள் நுழைந்து திருத்துவது எளிதல்ல. சான்றிதழ் வாங்கிய படத்தில் கைவைத்தால் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அதைவிடப் பெரிய தடை ஒலி. வசனம், இசை, மற்ற ஒலிகள் எல்லாம் மிக்ஸிங்கில் ஒன்றாகி, ரீல் ரீலாகப் பூட்டப்பட்டிருக்கும். காட்சியின் நடுவில் அரை வினாடியை உருவினால் அந்த ரீலில் அதற்குப் பின்னால் வரும் எல்லா ஒலியும் அரை வினாடி தள்ளிப்போகும்.

அப்படியானால் அந்த இரவில் எஞ்சுவது என்ன? ஒரே ஒரு சுதந்திரம். இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவிலுள்ள வெட்டை மட்டும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். முதல் ஷாட் எட்டு பிரேம் நீண்டால் அடுத்தது எட்டு பிரேம் தாமதமாகத் தொடங்கும். மொத்த நீளம் மாறாது, ஒலி அசையாது. இதற்கும் எல்லை உண்டு. நிறத் திருத்தத்துக்கு அனுப்பும்போது ஒவ்வொரு ஷாட்டின் இரு முனையிலும் சில பிரேம்களைத்தான் கூடுதலாக விட்டு அனுப்பியிருப்பார்கள். அதைத் தாண்டினால் நிறம் திருத்தப்படாத படம்தான் கிடைக்கும்.

சிறுகதை இருக்கும் இடம் இந்தச் சில பிரேம்கள்தான். ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். எடிட்டர் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பவன். செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் கோடம்பாக்கம் ஒரே வண்டி என்பதால் அங்கே குடிவந்தவன். இன்று கடைசி ரயிலை விட்டுவிட்டான். அவன் திரையில் இருப்பது இது: நெடுநாள் கழித்து வீட்டுக்கு வந்த மகன் வாசலில் நின்று “அப்பா எங்கம்மா?” என்கிறான். அடுத்த ஷாட் அம்மாவின் முகம். கேள்வி முடிந்து ஆறாவது பிரேமில் உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. பத்தாவது பிரேமில் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்புகிறாள். விசில் மிக்ஸிங்கில் பூட்டியாயிற்று, நகராது.

கேள்வி முடிந்த கையோடு வெட்டினால் விசில் அம்மாவின் முகத்தில் விழுகிறது. அவள் திரும்புவது இயல்பாக இருக்கிறது: விசில் வந்தது, போகிறாள். பார்ப்பவர் அவளைச் சந்தேகிக்க மாட்டார். எட்டு பிரேம் தாமதித்து வெட்டினால் விசில் கிளம்புவது மகன் முகத்தில். அதில் திடுக்கிடுபவன் அவன். அம்மாவை நாம் பார்க்கும்போது அவள் ஏறக்குறைய திரும்பிக்கொண்டிருக்கிறாள், ஏதோ ஒரு சாக்குக்காகக் காத்திருந்தவள்போல. எட்டு பிரேம் முந்தி வெட்டினால் “எங்கம்மா” என்ற சொல்லின் வால் அம்மா முகத்தின்மேல் கேட்கிறது. கேள்வி முடியும் முன்பே அதற்கு அஞ்சியவளாக அவள் தெரிகிறாள். நடிப்பு அதே, வசனம் அதே, ஒலி அதே. மூன்று அம்மாக்கள்; நடுவில் இருப்பது அங்கே மூன்றில் ஒரு வினாடி, இங்கே மூன்றில் ஒரு வினாடி.

எது சரி என்று எப்படித் தெரியும்? இருபதாவது தடவை பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ‘தி கான்வர்சேஷன்’, ‘அபோகலிப்ஸ் நவ்’ படங்களின் எடிட்டர் வால்டர் மர்ச் தன் நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். ஷாட்டை ஓடவிட்டு, முடிய வேண்டுமென்று தோன்றும் கணத்தில் நிறுத்தி, அந்தப் பிரேமைக் குறித்துக்கொள்வார். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு நிறுத்துவார். இரண்டு தடவையும் ஒரே பிரேமில் கை நின்றால் அந்த இடம் மெய். வெவ்வேறு பிரேமில் நின்றால் ஷாட்டை அவர் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

நம் எடிட்டர் திரும்பத் திரும்ப வெட்டுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவன் பிடிவாதக்காரன் அல்ல. அவன் கை ஒவ்வொரு தடவையும் வேறு பிரேமில் நிற்கிறது. அம்மாவுக்கு அப்பாவைப் பற்றி என்ன தெரியும் என்பதை அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒருவேளை இயக்குநரே தீர்மானிக்கவில்லை. வெட்டு நிலைகொள்ளாததன் வேர் எழுதிய பக்கத்தில் இருக்கிறது. அதைத் திருத்த இந்த இரவில் வழியே இல்லை. கதையின் இறுக்கம் கடிகாரத்தில் இருந்து வருவதைவிட இதிலிருந்து வருவது மேல்.

இதைச் சொல்லச் சிறுகதைக்கு ஒரு வசதி உண்டு. சினிமா ஒரே காட்சியை மூன்று தடவை காட்டினால் பார்வையாளர் பொறுமை இழப்பார். பக்கத்தில் அதே நான்கு வரிகளை, விசில் விழும் இடத்தை மட்டும் மாற்றி, மூன்று தடவை எழுதலாம். தமிழில் இதற்கான பயிற்சியும் ஏற்கெனவே இருக்கிறது. ‘கரைந்த நிழல்கள்’ அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆளை விட்டு ஆள் தாவும். ஒருவருக்கு என்ன ஆயிற்று என்பதை வேறொருவர் பேச்சிலிருந்து நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். எடிட்டரை மையத்தில் வைக்காத அந்த நாவலில் எடிட்டிங் நடந்திருக்கிறது. அடுத்து எழுத வேண்டியவர் கற்றுக்கொள்ள வேண்டியது கருவிகளின் பெயர்களை அல்ல, எந்த வரியில் அம்மாவைக் காட்டாமல் இருப்பது என்பதை.