அழாத குரல்

எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கம் அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து வந்தால், அது என்ன சொல்லப்போகிறது என்பது வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். பழைய சினிமாவின் சோக வயலின் முதலில் வரும். அதன்மேல் ஒரு பெண் குரல், பாதி பேச்சும் பாதி விம்மலுமாக, “பிஞ்சு உயிர்”, “தாயின் கதறல்”, “உங்கள் பொற்பாதங்களில்” என்று அடுக்கும். பெரம்பலூர், அரியலூர் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க உதவி கேட்கும் ஒலிப்பதிவுகளுக்கு இதுதான் வார்ப்பு. தட்டில் காசு விழவே செய்கிறது. ஆனால் இதே வேலையை வேறு விதமாகச் செய்த குரல்களும் உண்டு. அவை எப்படி வேலை செய்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெரிதும் பேசப்படும் உதாரணம் உண்மையில் விளம்பரமே அல்ல, ஒரு செய்தி அறிக்கை. 1984 அக்டோபர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் பர்க் எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து தந்த பஞ்சச் செய்தி அது. படம் எடுத்தவர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். அதைப் பார்த்த பாடகர் பாப் கெல்டாஃப் அந்த ஆண்டு இறுதியில் இசைக்கலைஞர்களைத் திரட்டி ‘பேண்ட் எய்ட்’ இசைத்தட்டைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு ‘லைவ் எய்ட்’ நடந்தது. இத்தனையையும் கிளப்பிவிட்ட பர்க்கின் குரலில் நடுக்கம் இல்லை. பொழுது விடிவதையும் குளிரையும் இடத்தையும் சொல்லித் தொடங்குகிறார். இருபது நிமிடத்துக்கு ஒருவர் சாகிறார் என்பதைக் கணக்குச் சொல்வது போலவே சொல்கிறார். ஒரு குழந்தைக்கு மூன்று வயது, டிரிப் ஏற்றியும் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டது, அந்தத் தாய்க்கு இனிக் குழந்தையே இல்லை என்று அடுத்தடுத்து வைக்கிறார். ‘கொடுமை’ என்றோ ‘நெஞ்சு பதறுகிறது’ என்றோ அவர் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை. வாக்கியங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் முகாமின் சத்தம் கேட்கிறது: இருமல், முனகல், குழந்தைகளின் அழுகை. அழ வேண்டியவர்கள் அழுகிறார்கள், சொல்பவர் சொல்கிறார். இந்த வேலைப் பிரிவினைதான் அந்த அறிக்கையின் பலம் என்று நினைக்கிறேன்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு உளவியல் ஆய்வுகளில் சில தடயங்கள் உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் பாட்சனும் குழுவினரும் 1981இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதைப் பார்வையாளர்கள் பார்த்தார்கள் (அவள் நடிப்பது அவர்களுக்குத் தெரியாது). அவள்மேல் கரிசனம் கொண்டவர்கள், எழுந்து போக வழி இருந்தும் அவள் இடத்தில் தாங்கள் உட்கார முன்வந்தார்கள். பார்க்கவே தாங்காமல் தவித்தவர்களில் பெரும்பாலோர், போக வழி கிடைத்ததும் போய்விட்டார்கள். கேட்பவனை அளவுக்கு மீறித் தவிக்கவைத்தால் அவன் முதலில் தேடுவது தன் தவிப்பிலிருந்து தப்பும் வழியைத்தான். தொலைக்காட்சியில் அது ரிமோட், ஆட்டோவுக்கு முன்னால் அது சாத்திய ஜன்னல்.

ஆனால் சோகம் விலைபோகாது என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்காக சாரா மெக்லாக்லன் 2007இல் தோன்றிய விளம்பரத்தில், காயம்பட்ட நாய்களும் பூனைகளும் கெஞ்சும் கண்களோடு பார்க்க, பின்னால் அவருடைய சோகப்பாட்டு ஒலிக்கும். அது கோடிக்கணக்கில் டாலர் திரட்டியது. அதே விளம்பரம் வந்தால் தானே சேனலை மாற்றிவிடுவதாக மெக்லாக்லனும் சொன்னார்! டெபோரா ஸ்மாலும் நிக்கோல் வெரோக்கியும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிரிக்கும் முகத்தையோ சலனமற்ற முகத்தையோ விட வாடிய முகம் அச்சிட்ட வேண்டுகோளுக்கே கூடுதல் பணம் வந்தது. ஆக, வாட்டம் படத்தில் இருக்கலாம். அதையே பின்குரலும் திரும்ப நடித்துக் காட்டும்போதுதான் கேட்பவனுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாமல் போகிறது. இது என் கணிப்பு. இதை நேராகச் சோதித்த ஆய்வு எதையும் ஆதாரமாக வைத்துச் சொல்லவில்லை.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. அதைக் கேட்டு வளர்ந்த இந்தப் பக்கத்து வீடுகளுக்கு டெல்லியிலிருந்து வரும் சரோஜ் நாராயணசுவாமியின் செய்திக் குரல் நன்றாகவே பழக்கம். சாவுச் செய்தியையும் தேர்தல் முடிவையும் ஒரே நிதானத்தில் படித்தவர். நம் மொழியில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால் குரல் கெட்டுப்போகும் இடமும் அதுதான். “உதவுங்கள்”, “காப்பாற்றுங்கள்” என்பதை இழுத்து, கடைசி எழுத்தில் மூச்சைச் சேர்த்து விட்டால் வாக்கியம் முழுவதும் நாடகமாகிவிடும். வினையைச் சாதாரண இறக்கத்தில் முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு வினாடி சும்மா இருந்தாலே போதும்.

ஒரு கற்பனைப் பிரதியை வைத்துப் பார்ப்போம். எறையூரில் கரும்பு வெட்டும் குடும்பத்துப் பையன், வயது ஆறு, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஆட்டோ பாணியில் இது ‘துடிதுடிக்கும் பிஞ்சு இதயம்’ ஆகிவிடும். நான் எழுதினால் இப்படி:

“இவனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறான். வழியில் இரண்டு இடத்தில் குந்துகிறான். ஒன்று புளியமரத்தடி. இன்னொன்று ஆலை கேட்டுக்கு எதிரே. அக்கா அவன் பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். மூச்சு வந்ததும் இரண்டு பேரும் நடக்கிறார்கள்.”

குந்துவது அலங்காரத்துக்குச் சேர்த்ததல்ல. சில வகைப் பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகள் மூச்சு முட்டும்போது தாங்களாகவே குந்திக்கொள்வார்கள். மருத்துவர்கள் அதை ஓர் அறிகுறியாகவே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். இப்படி ஒரு சரியான விவரம் கிடைத்துவிட்டால் பெயரடைகளுக்கு வேலை இல்லை. அது கிடைக்காமல் குரலை மட்டும் தணித்தால், மின்தடை அறிவிப்பு மாதிரிதான் ஒலிக்கும். அடக்கமான பதிவுகள் பல தோற்பது இங்கேதான்.

கேட்கும் தொகையும் அதே நேர்மையோடு வரவேண்டும். அறுவைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொள்ளுமானால் அதைச் சொல்லிவிட வேண்டும். மீதி என்ன? நகரத்தில் அம்மா தங்கும் வாடகை, சாப்பாடு, பஸ் காசு, அப்பா இழக்கும் கூலி. அதைத்தான் கேட்க வேண்டும். ‘லட்சக்கணக்கில்’ என்று மூடி மறைத்தால் அதுவரை நிதானமாகப் பேசிய குரல்மேல் இருந்த நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும். இவனைப் போல் எத்தனை ஆயிரம் குழந்தைகள் என்ற புள்ளிவிவரத்தையும் சேர்க்க வேண்டாம். ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், ரோக்கியா என்ற மாலி நாட்டுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் கையிலிருந்த 5 டாலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள். அவளோடு பஞ்சக் கணக்கையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43தான்.

அந்த முடிவிலேயே இந்த முறையின் வில்லங்கமும் இருக்கிறது. கணக்கையும் காரணத்தையும் வெட்டி எறிந்தால் பணம் வரும், ஆனால் துன்பம் வானத்திலிருந்து விழுந்தது போலாகிவிடும். பர்க்கின் அறிக்கையில் வேதாகமக் காலத்துப் பஞ்சம் போன்ற சாயல் இருந்தது. திக்ரே பகுதியில் அன்றைய ராணுவ அரசு நடத்திக்கொண்டிருந்த போருக்கு அதில் பெரிய இடமில்லை. அதே அரசு செப்டம்பரில்தான் தன் பத்தாம் ஆண்டு விழாவை ஆடம்பரமாகக் கொண்டாடி முடித்திருந்தது. நிதானமான குரல் சொன்னதால் கேட்டவர்கள் அதையே முழு உண்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அழுது கேட்கும் ஆட்டோவிடம் நாம் இயல்பாகவே காட்டும் சந்தேகம் இப்படிப்பட்ட குரலிடம் எழுவதில்லை. அதனால் இந்தப் பாணியில் எழுதுகிறவர் எதை விட்டுவிடுகிறோம் என்பதை ஆட்டோக்காரரைவிட இரண்டு மடங்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. எறையூர்ப் பையன் கதையிலும், ஆறு வயதுவரை அந்த இதயத்தை ஒருவரும் ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்ற கேள்வி பிரதியில் எங்கேயும் வரவில்லை.