ஆய்லர் தாண்டிப்போன ஒரு படி

1748-ல் வெளிவந்த ஆய்லரின் Introductio in analysin infinitorum நூலின் ஏழாவது அத்தியாயத்தில், e-க்கான தொடர் ரொம்ப சுலபமாக வந்து விழும். முடிவிலியான ஓர் எண் i-ஐ எடுத்துக்கொள்கிறார், ஈருறுப்புத் தேற்றத்தால் விரிக்கிறார். i முடிவிலி என்பதால் (i−1)/i என்பது 1, அதற்கடுத்த பின்னங்களும் அப்படியே என்கிறார். மிச்சம் நிற்பது 1 + 1 + 1/2! + 1/3! + … விடை சரி. எனக்கு உறுத்துவது அந்த ஒரு படிதான்.

இன்றைக்கு நிறைய பாடநூல்களில் i-க்குப் பதில் n வந்திருக்கிறது, "முடிவிலி" என்ற இடத்தில் எல்லை (limit) வந்திருக்கிறது. ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. (1+1/n)^n-ஐ விரித்தால் k-வது உறுப்பு இது:

(1/k!) · (1−1/n)(1−2/n)…(1−(k−1)/n)

"n வளர வளர அடைப்புகள் எல்லாம் 1 ஆகிவிடும், எனவே மொத்தம் Σ 1/k!" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

n = 10 வைத்துப் பார்ப்போம். k = 2 என்றால் 1/2!-ஐப் பெருக்கும் பகுதி 0.9. பரவாயில்லை, 1-க்குப் பக்கம்தான். ஆனா k = 10-க்கு அதே பகுதி 10!/10^10, அதாவது 0.00036 சொச்சம். இதை 1 என்று யாராவது சொல்வார்களா? n-ஐ ஆயிரம் ஆக்கினாலும் தப்பிக்க முடியாது. முன்வரிசை உறுப்புகள் சரியாகும், ஆனால் கடைசி வரிசையில் இதே கோளாறு இன்னும் மோசமாக இருக்கும். k-ஐ நிறுத்திவைத்தால்தான் ஒவ்வோர் உறுப்பும் 1/k!-க்குப் போகும். எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதே இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போகும்? 1/n-ஐ n தடவை கூட்டுங்கள். n எதுவானாலும் கூட்டல் 1. பாடநூல் வழியில் போனால், ஒவ்வோர் உறுப்பும் 0-க்குப் போகிறது, எனவே மொத்தம் 0, எனவே 1 = 0! அதே வாதம்தான், ஒரு வார்த்தை மாறவில்லை. அப்போ e விஷயத்தில் மட்டும் எப்படி விடை சரியாக வந்தது?

பதில், ழூல் தன்னரி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெயரால் வழங்கும் தேற்றத்தில் இருக்கிறது. k-வது உறுப்பின் அளவு, n எதுவானாலும், M_k என்ற ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அந்த M_k-க்களின் கூட்டல் முடிவுள்ளதாக இருக்கவேண்டும். அப்படியிருந்தால் எல்லையையும் கூட்டலையும் தாராளமாக இடம் மாற்றலாம்.

நம்ம உறுப்பில் அடைப்புகள் எதுவும் 1-ஐத் தாண்டாது. ஆகவே M_k = 1/k! போதும். இப்போ k = 7-லிருந்து வால் பகுதியை வெட்டுங்கள். 1/7! + 1/8! + … மொத்தமே 0.00023-க்குள். n பத்தோ கோடியோ, வால் இதற்குமேல் போகாது. அங்கே பெருக்கும் பகுதி 0.00036-ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும், நமக்குக் கவலையில்லை. மீதி k = 0 முதல் 6 வரை ஏழே உறுப்புகள். ஏழு எல்லைகளைக் கூட்டுவதில் தகராறு கிடையாது. இன்னும் துல்லியம் வேண்டுமா, வாலைத் தள்ளி வெட்டுங்கள். நிரூபணம் அவ்வளவுதான்.

ஏமாற்றிய உதாரணத்துக்கும் இதே சோதனையைப் போடலாம். k-வது உறுப்பு n ≥ k ஆனபிறகுதான் வருகிறது, வரும்போது அதன் அதிகபட்சம் 1/k. ஆக M_k 1/k-க்குக் குறையவே முடியாது. 1 + 1/2 + 1/3 + … விரிந்துகொண்டே போகும் தொடர். தேற்றம் இங்கே அனுமதி தரவில்லை.

ஒரு எச்சரிக்கை. அனுமதி இல்லை என்றால் இடமாற்றம் தப்பு என்று அர்த்தமில்லை. n-வது முறை, n-வது உறுப்பு மட்டும் 1/n, மற்றதெல்லாம் 0 என்று வையுங்கள். இங்கேயும் அதிகபட்சங்கள் 1/k தான், கூட்டல் விரிகிறது. ஆனால் மொத்தம் 1/n, அது 0-க்குப் போகிறது. உறுப்புவாரியாகப் பார்த்தாலும் 0. இடமாற்றம் சரியாகவே நடக்கிறது, தேற்றத்துக்குத்தான் அது தெரியாது.

ஆய்லரிடம் எனக்குப் புகார் இல்லை. எல்லை என்பதற்கே அன்று துல்லியமான வரையறை கிடையாது. அந்த வரையறையை முதல் பக்கத்தில் கொடுத்துவிட்டு இந்த இடத்தில் தாண்டிக் குதிக்கும் நூல்களிடம்தான் கேட்கிறேன். "ஒவ்வோர் உறுப்பும் 1/k!-ஐத் தாண்டாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?